மஞ்சள் கம்பியும் வெள்ளைக் கம்பியும்

(கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைப் பராமரிப்புப் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ராத்திரி ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருப்பவர்கள் சிலரைப் பார்க்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வருகிறேன்.

என் கையில் இரண்டு எஸ்எம்பிஎஸ் இருக்கின்றன. இரண்டின் வாலிலும் மதர்போர்டில் சொருகும் பெரிய கனெக்டர் தொங்குகிறது. பழையதில் வரிசைக்குப் பத்தாக 20 துளை. புதியதில் வரிசைக்குப் பன்னிரண்டாக 24 துளை. 20 பின் கனெக்டர் 24 பின் சாக்கெட்டில் உட்காரும். 24 பின் கனெக்டரும் 20 பின் சாக்கெட்டில் நாலு பின் வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும். இரண்டிலும் கம்ப்யூட்டர் ஓடும். நம் தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. உட்காராமல் போயிருந்தால் கடைக்குப் போய்ச் சரியானதை வாங்கி வந்திருப்போம். உட்கார்ந்துவிடுவதால் மூடியைப் போட்டுத் திருகாணியை முறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

இன்று இரண்டே கம்பிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒன்று மஞ்சள், இன்னொன்று வெள்ளை. மற்றதெல்லாம் இவற்றோடு ஒட்டி வரும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1995-க்கு முந்தைய போர்டுகளில் மின்சாரம் ஆறாறு பின் கொண்ட இரண்டு கனெக்டர் வழியாக வந்தது. "கறுப்பும் கறுப்பும் நடுவில் சேர வேண்டும்" என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாற்றிச் சொருகியவர் போர்டை எரித்தார். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் முறை அந்த இரண்டையும் 20 பின் கொண்ட ஒரே கனெக்டராக்கியது. துளைகளில் சிலதைச் சதுரமாகவும் சிலதை மூலை மழுங்கியதாகவும் செய்து, திருப்பிப் போட முடியாதபடி ஆக்கினார்கள். 2003-இல் அந்த முறையின் அடுத்த பெரிய திருத்தம் வந்தபோது நாலு பின் கூடி 24 ஆயிற்று. கூடியவை ஒரு மஞ்சள், ஒரு ஆரஞ்சு, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. அதாவது 12 வோல்ட், 3.3 வோல்ட், 5 வோல்ட், எர்த். புதிய மின்னழுத்தம் எதுவும் சேரவில்லை. இருந்த பாதைகளுக்கு ஆளுக்கொரு துணைக் கம்பி கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தத் துணை எதற்கு? பழைய 20 பின்னில் சிவப்புக் கம்பி நாலு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து போர்டுக்கு அது போதும். பிராசஸர் 5 வோல்ட்டிலிருந்து சாப்பிட்டது. 12 வோல்ட் மின்விசிறிக்கும் டிஸ்க்கைச் சுழற்றுவதற்கும்தான். பிறகு பிராசஸரின் பசி கூடியபோது அதை 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு கொண்ட சதுரமான நாலு பின் கனெக்டர் பிராசஸர் பக்கத்தில் வந்தது அப்போதுதான். அடுத்து பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தது. அதில் சொருகும் கிராபிக்ஸ் கார்டு, தனிக் கம்பி இல்லாமலேயே ஸ்லாட் வழியாக 75 வாட் வரை எடுக்கலாம். அதில் பெரும்பங்கு 12 வோல்ட்டில், 5.5 ஆம்பியர் வரை. அது வரும் வழி இந்தப் பெரிய கனெக்டரின் மஞ்சள் கம்பிதான்.

இப்போது மஞ்சள் கம்பியின் கதை.

இந்தத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் காவல் அறை. கேட்டிலும் யார்டிலும் இருக்கும் கேமராக்களை இரண்டு திரைகளில் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் பழையதுதான், ஆனால் போர்டில் 24 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ் போனபோது யாரோ ஸ்டோரில் கிடந்த 20 பின் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துப் பொருத்திவிட்டார். பிராசஸருக்கான சதுர நாலு பின் அதிலும் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் குறையில்லாமல் ஓடியது. அதுவரை அவர் செய்ததில் தவறும் இல்லை. போர்டிலேயே இருக்கும் வீடியோதான் பயன்பாட்டில் இருந்தது, டிஸ்க்குக்குத் தனிக் கம்பி போகிறது, பிராசஸருக்கும் தனிக் கம்பி. பெரிய கனெக்டரின் மஞ்சள் கம்பி மின்விசிறிகளுக்காக ஒரு ஆம்பியர் கொடுத்திருந்தாலே அதிகம்.

பிறகு இரண்டாவது திரை வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டார்கள். தனி மின்கனெக்டர் இல்லாத கார்டு. எல்லாமே ஸ்லாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில மாதங்களில் கேமரா படங்களை இரண்டு திரையிலும் நிரப்பினால் கம்ப்யூட்டர் தானே அணைந்து திரும்ப எழ ஆரம்பித்தது. மெமரியை மாற்றினார்கள். விண்டோஸைத் திரும்பப் போட்டார்கள். நான் போனபோது மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது வாசனை. பழைய வயரிங்கில் சுவிட்ச் போர்டு சூடேறினால் வருமே, அந்த வாசனை. கனெக்டரை எடுத்துப் பார்த்தால் பத்தொன்பது துளை வெள்ளையாக இருக்கின்றன. மஞ்சள் வரும் ஒரு துளை மட்டும் காபித்தூள் நிறம். அதன் பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருக்கும் பித்தளைக் கூடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஸ்லாட்டுக்கு 5 ஆம்பியர், மின்விசிறிகளுக்கு 1 ஆம்பியர், ஆக 6 ஆம்பியர் ஒரே கூடு வழியாகப் போகிறது. இந்த வகைக் கனெக்டரில் சாதாரணக் கூட்டின் வசதியான எல்லையே அவ்வளவுதான். புதிதாக இருக்கும்போது தொடும் இடத்தில் 10 மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஆறை ஆறால் பெருக்கி, அதை 0.01-ஆல் பெருக்கினால் 0.36 வாட். கை வைத்தால் தெரியாத சூடு. நம் ஊரில் ஒரு பக்கம் உருக்காலை இரும்புத்தூள், இன்னொரு பக்கம் பழவேற்காட்டிலிருந்து வரும் உப்புக்காற்று. கூட்டின் வில் தளர்ந்து, பின் கறுத்து, தடை 50 மில்லி ஓம் ஆனால் அதே 6 ஆம்பியருக்கு 1.8 வாட். ஒரு அரிசிமணி அகலத் தொடுபுள்ளியில் 1.8 வாட் சூடு. சூட்டில் வில் இன்னும் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

24 பின் இருந்திருந்தால் மஞ்சள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 3 ஆம்பியர். ஆம்பியர் பாதியானால் சூடு கால்வாசி. நாலு பின் கூட்டியதன் பலன் முழுவதும் அந்தக் கால்வாசியில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவில் 20 பின்னை 24 ஆக்கும் சின்ன இணைப்பு வயர் கிடைக்கும். போர்டு பக்கம் 24 பின்னும் நிரம்பியிருக்கும், பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அதன் மறுமுனையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மஞ்சளும் ஒரே மஞ்சளில்தான் சேர்கின்றன. போர்டில் கருக வேண்டிய துளை இப்போது வயரின் மறுமுனையில் கருகும். சாக்கெட் காலியாக இருப்பது குறையில்லை. செம்பு ஒரு கம்பி அளவுதான் இருக்கிறது என்பதே குறை. அந்த வயரால் அதை மாற்ற முடியாது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு 24 பின் எஸ்எம்பிஎஸ் வாங்கிக் கொடுத்தேன். அதோடு வேலை முடியவில்லை. போர்டில் அந்தப் பின்னும் கறுத்து, சாக்கெட் சுவர் உருகியிருந்தது. கருகிய சாக்கெட்டில் புது கனெக்டரைச் சொருகினால் புதியதும் கருகும். சாக்கெட்டையும் கழற்றி மாற்றிய பிறகுதான் மூடினேன்.

உங்கள் ஆலையில் 24 பின் சாக்கெட்டில் 20 பின் உட்கார்ந்திருந்தால் உடனே பதற வேண்டாம். ஸ்லாட்டில் பெரிய கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓடட்டும். இருந்தால், கம்ப்யூட்டர் முழு வேலையில் இருக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பு முனையைக் கனெக்டரின் முதுகுப் பக்கமாக மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் விட்டு அளவெடுங்கள். பிறகு போர்டின் மேல், கார்டு ஸ்லாட்டுக்கு 12 வோல்ட் போகும் இடத்தில் அளவெடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஐம்பது, அறுபது மில்லி வோல்ட் என்றால் சரி. 300 மில்லி வோல்ட் வந்தால் அந்தக் கூடு எரிந்துகொண்டிருக்கிறது.

இனி வெள்ளைக் கம்பி. இது முந்தைய கதைக்கு நேர் எதிரான பொருத்தம்: பழைய போர்டு, புதிய எஸ்எம்பிஎஸ். இது நம் பகுதியில் அதிகம் வரும். வீட்டில் 20 பின் போர்டை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை. இங்கே, கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையிலும், இயந்திரத்தோடு வந்த கம்ப்யூட்டர் அந்த இயந்திரம் இருக்கும் வரை இருக்கும். அதில் சொருகிய கார்டுக்கு மாற்றும் இருக்காது.

ஒரு கம்பி உருட்டாலை. சூடேற்றும் உலையின் எட்டு இடத்து வெப்பநிலையை ஒரு கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது. பென்டியம் 3 போர்டு, 20 பின் சாக்கெட், கறுப்பு நிற நீள ஐ.எஸ்.ஏ ஸ்லாட்டில் அளவீட்டுக் கார்டு. எஸ்எம்பிஎஸ் போயிற்று. எலக்ட்ரீஷியன் தம்பி கவனமானவர். நாலு பின் தனியாகப் பிரியும் புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கி, நாலைப் பிரித்து ஓரமாகக் கட்டிவிட்டு, இருபதைச் சரியாகச் சொருகியிருக்கிறார். விண்டோஸ் 98 எழுந்தது. மென்பொருள் திறந்தது. எட்டு இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டியது. உலையில் தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே எண்.

"சார், கார்டு போயிருச்சு. எஸ்எம்பிஎஸ் போகும்போதே அதையும் கொண்டுபோயிருச்சு" என்றார். கார்டைத் தூக்கிப் போடும் நிலையில் இருந்தார்கள்.

"தம்பி, பழைய எஸ்எம்பிஎஸ் எங்கே?" என்று கேட்டேன். ஸ்கிராப்பில் இருந்து எடுத்து வந்தார். இரண்டு கனெக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையதில் மூன்று கறுப்புக் கம்பிக்கும் இரண்டு சிவப்புக் கம்பிக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கம்பி. 20 பின்னில் அது 18-ஆவது இடம். புதியதில் அதே இடத்தில் கம்பியே இல்லை, வெறும் துளை. 24 பின் கணக்கில் அது 20-ஆவது இடம்.

அந்த வெள்ளைக் கம்பி மைனஸ் 5 வோல்ட். ஐ.எஸ்.ஏ ஸ்லாட்டுக்காக மட்டுமே பழைய எஸ்எம்பிஎஸ் அதைச் சுமந்துகொண்டிருந்தது. ஐ.எஸ்.ஏ மறைந்ததும் 2002-வாக்கில் அது கட்டாயமில்லை என்றார்கள், 2003-இல் ஏ.டி.எக்ஸ் விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் கார்டின் அளவீட்டுப் பகுதி அந்த மைனஸ் 5-ஐ நம்பி இருந்தது. அது இல்லாததால் எட்டு வழியில் எதையும் திறக்க முடியாமல் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. கார்டில் பழுது எதுவும் இல்லை. பட்டினிதான்.

எல்லா ஐ.எஸ்.ஏ கார்டுக்கும் மைனஸ் 5 தேவைப்படாது. தேவையா என்று கார்டைப் பார்த்தே சொல்லலாம். கார்டை வெளியே எடுத்து, சிப்புகள் இல்லாத பின்பக்கத்தைத் திருப்புங்கள். கேபினெட்டில் திருகும் தகரப் பட்டை இருக்கும் முனையிலிருந்து தங்க விரல்களை எண்ணுங்கள். ஐந்தாவது விரல் மைனஸ் 5 வோல்ட். அந்த விரலே இல்லையென்றாலோ, விரல் இருந்து அதிலிருந்து தடம் எதுவும் புறப்படவில்லை என்றாலோ உங்களுக்கு வெள்ளைக் கம்பி வேண்டாம். தடம் கிளம்பிக் கார்டுக்குள் போகிறதென்றால் வேண்டும். எங்கள் கார்டில் ஐந்தாவது விரலிலிருந்து ஒரு தடித்த தடம் நேராக ஒரு கெப்பாசிட்டருக்குப் போனது. மின்சாரம் கொடுத்து அளந்தால் அங்கே பூஜ்யம்.

இதற்கு வழி எளிது. புதிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் மைனஸ் 12 வோல்ட் நீலக் கம்பியில் வருகிறது. 7905 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை மைனஸ் 5 ஆக்கும். எழுத்து உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடது கால் எர்த், நடுக்கால் மைனஸ் 12, வலது கால் மைனஸ் 5 வெளியே. 7805-இன் கால் வரிசை வேறு. பழக்கத்தில் அதே மாதிரி வைத்தால் போச்சு. இன்னொன்று: 7905-இன் உலோக முதுகு நடுக்காலோடு சேர்ந்தது, அதாவது மைனஸ் 12-இல் இருக்கிறது. கேபினெட் தகரத்தில் நேராகத் திருகினால் ஷார்ட். மைக்கா தாளும் பிளாஸ்டிக் வளையமும் வைத்தோ, சுருங்கும் குழாய் போட்டு முழுவதும் மூடியோதான் வைக்க வேண்டும். உள்ளே வரும் பக்கம் 2.2 மைக்ரோ பாரட், வெளியே போகும் பக்கம் 1 மைக்ரோ பாரட் டாண்டலம் கெப்பாசிட்டர். இங்கே எர்த்தான் பாசிட்டிவ், ஆகவே கெப்பாசிட்டரின் பிளஸ் கால் எர்த்துக்குப் போகும். கார்டு 100 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் ரெகுலேட்டரில் 0.7 வாட் சூடுதான். நீலக் கம்பி சில நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் தராது; அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு இந்த வழி உதவாது.

வெளியே வரும் கம்பியை, ஸ்கிராப் கனெக்டரிலிருந்து எடுத்த கூட்டில் அழுத்தி, புதிய கனெக்டரின் அந்த வெறும் துளையில் ஏற்றினோம். சொருகும் முன் அளந்தோம்: மைனஸ் 4.98. சொருகி ஏற்றியதும் எட்டு இடமும் எட்டு எண்ணைக் காட்டின.

பழைய போர்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், 5 வோல்ட்டின் பலம். பிராசஸர் பக்கத்தில் அந்தச் சதுர நாலு பின் சாக்கெட் இல்லாத 20 பின் போர்டு என்றால், பெரும்பாலும் பிராசஸர் 5 வோல்ட்டிலிருந்தே சாப்பிடுகிறது. உருட்டாலைக் கம்ப்யூட்டரில் பிராசஸருக்கு 30 வாட் என்று வைத்தோம். போர்டில் மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றால் 37.5 வாட் தேவை, அதாவது 5 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். மெமரி, கார்டு, டிஸ்க் சேர்த்துப் பன்னிரண்டு ஆம்பியர் வரலாம். பழைய 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் சீட்டில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் போட்டிருப்பான். புதிய 450 வாட்டில் 15 ஆம்பியர்தான் இருக்கும். மீதி பலமெல்லாம் 12 வோல்ட்டில். மொத்த வாட்டைப் பார்த்து "இது பெரிசு" என்று வாங்கக் கூடாது. சீட்டில் 5 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட்டில் பாரம் ஏறி 12 வோல்ட்டில் பாரமே இல்லாவிட்டால், ஒன்று இறங்கி மற்றது ஏறும். எங்களுக்கு 5 வோல்ட் 4.82-க்கு இறங்கியது, 12 வோல்ட் 12.5-க்கு ஏறியது. எல்லை 4.75-உம் 12.60-உம். பக்கத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்து, பழைய டிஸ்க் ஒன்றை 12 வோல்ட் பாரத்துக்காகவே கூடுதலாகச் சொருகினோம். 5 வோல்ட் 4.9-க்கு வந்தது.

இனி சொருகும் விதம். சுவிட்சை அணைத்தால் போதாது. 230 வோல்ட் கம்பியையே பிடுங்குங்கள். அணைத்த நிலையிலும் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். 24 பின் போர்டில், நாலு பின் தனியாகப் பிரியும் கனெக்டர் என்றால், முதலில் நாலையும் இருபதோடு பக்கவாட்டுப் பள்ளத்தில் கோர்த்து ஒன்றாக்கி, பிறகு சேர்த்து அழுத்துங்கள். இருபதைச் சொருகிவிட்டு நாலைத் தனியாக நுழைத்தால் அது பாதியில் நின்று, பார்க்கச் சரியாகத் தெரியும். கொக்கி போர்டின் மேட்டைத் தாண்டி "டக்" என்று விழ வேண்டும். ஒரு கையால் போர்டின் அடியைத் தாங்கிக்கொள்ளுங்கள். பழைய போர்டு வளைந்தால் சாலிடர் விடும். 20 பின் சாக்கெட்டில் பிரியாத 24-ஐப் போடும்போது நீட்டிய நாலு, பக்கத்துக் கெப்பாசிட்டரில் முட்டலாம். முட்டினால் அழுத்தாதீர்கள், பிரியும் வகையை வாங்குங்கள். பிரித்து ஓரமாகத் தொங்கும் நாலைப் பிராசஸரின் சதுர சாக்கெட்டில் வைக்காதீர்கள். உருவத்தை நம்ப வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். பிராசஸருக்கானது இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. இது நாலும் நாலு நிறம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1990-களின் கடைசியில் வந்த சில டெல் கம்ப்யூட்டர்களில் இதே 20 பின் உருவம், ஆனால் உள்ளே கம்பிகள் இடம் மாறியிருக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் அழகாக உட்கார்ந்து போர்டை எரித்துவிடும். அதனால் எந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றும் முன் கனெக்டரின் நிற வரிசையைப் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சாம்பல், ஊதா, மஞ்சள்: ஒரு வரிசை இப்படி இருந்தால் ஏ.டி.எக்ஸ். எதிர் வரிசையில் ஒரு ஆரஞ்சுத் துளைக்குள் மெல்லிய பழுப்புக் கம்பியும் சேர்ந்து போகும், 3.3 வோல்ட் போர்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று எஸ்எம்பிஎஸ் அறிந்துகொள்ளும் கம்பி அது. கிள்ளி எறிந்துவிடாதீர்கள்.

உருட்டாலைத் தம்பி அந்த 7905-ஐ இன்னொன்றும் செய்து, எர்த்தும் நீலமும் வெள்ளையும் சீட்டெழுதிக் கட்டி, அதே கேபினெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டிருக்கிறார். போன மாதம் போனபோது பார்த்தேன். உங்களில் யாரிடமாவது ஐ.எஸ்.ஏ கார்டு இருந்தால் இடைவேளையில் கொண்டு வாருங்கள். ஐந்தாவது விரலைச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.